‘பகிரப்படலாம்’ என்றால் யார், யாரிடம், எதை?

சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் தமிழை மட்டுமே சரளமாக வாசிக்கும் வாடிக்கையாளர் பலர் உள்ளனர். நகரியிலோ சத்தியவேட்டிலோ கடன் செயலி ஒன்றைத் திறப்பவருக்குத் தகவல் பாதுகாப்புப் பகுதி பெரும்பாலும் ஆங்கிலத்தில் அல்லது தெலுங்கில் கிடைக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, சம்மதம் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையிலுள்ள எந்த மொழியிலோ படிக்கும் வாய்ப்பை வழங்குகிறது. இவ்வுரிமைக்கு மாநில எல்லை இல்லை. ஆந்திராவிலும் தமிழில் கேட்கலாம். 2025 நவம்பரில் வெளியான விதிகள், நிறுவனங்கள் இதற்கு ஆயத்தமாக 18 மாத அவகாசம் அளித்துள்ளன.

ஆனால், மொழிபெயர்த்தால் மட்டும் போதாது என்பதே நம் கருத்து. வழக்கமான ஒரு வாசகத்தைப் பார்ப்போம்: ‘தங்களது தரவுகள் சேவை மேம்பாட்டின் பொருட்டு மூன்றாம் தரப்பினருடன் பகிரப்படலாம்.’ சொற்கள் தமிழே; பொருள்தான் விளங்கவில்லை. பகிர்பவர் யார் என்பதைச் செயப்பாட்டு வினை மறைக்கிறது. ‘படலாம்’ என்பது ‘பகிரக்கூடும்’ என்றும், ‘பகிர அனுமதி உண்டு’ என்றும் இருபொருள் தருகிறது. எந்தத் தரவு, எந்த மூன்றாம் தரப்பு என்பதும் தெரியவில்லை.

இதையே இவ்வாறு எழுதலாம்: ‘உங்கள் கடன் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க, உங்கள் பெயர், கைப்பேசி எண், பான் எண் ஆகியவற்றைப் பெறுகிறோம். உங்கள் பழைய கடன் விவரத்தை அறிய, அவற்றைக் கடன் தகவல் நிறுவனத்துக்கு அனுப்புகிறோம். உங்கள் தொலைபேசியிலுள்ள தொடர்பு எண்களை எடுக்கமாட்டோம்.’ கடைசி வரி வெறும் நல்லெண்ண வாக்குறுதி அன்று. தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, கோப்புகள் ஆகியவற்றைக் கடன் செயலிகள் அணுகலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022இலேயே நெறிமுறை வகுத்துள்ளது.

சம்மதத்தைத் திரும்பப் பெறும் வழியையும் அதே தெளிவுடன் எழுத வேண்டும். சம்மதம் தருவது எவ்வளவு எளிதோ, விலக்கிக்கொள்வதும் அவ்வளவு எளிதாக இருத்தல் வேண்டும் என்கிறது சட்டம். எனினும், ‘விலக்கிக்கொண்டால் அனைத்தும் அழிக்கப்படும்’ என்று எழுதுவது தவறு. கணக்கு முடிந்த பின்னும் அடையாள ஆவணங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வங்கி கடமைப்பட்டுள்ளது. அழிப்பது எது, வைத்திருப்பது எது என்று இரண்டையும் சொல்வதே நேர்மை.

எழுதி முடித்தபின் ஒரு சோதனை தேவை. துறைக்கு அப்பாற்பட்ட ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்து, எதை எடுக்கிறார்கள், யாருக்குத் தருகிறார்கள், எப்படி நிறுத்துவது என்ற மூன்று வினாக்களைக் கேட்க வேண்டும். அவர் பக்கத்தைத் திரும்பப் பாராமல் விடை சொன்னால் அது தெளிவான தமிழ். தடுமாறினால் திருத்த வேண்டியது வாசகம், வாசகர் அல்லர்.

செயலியில் ‘சம்மதிக்கிறேன்’ என்பதைத் தொடுமுன் வாடிக்கையாளர்களும் இதே மூன்று வினாக்களைக் கேட்டுப் பார்க்கலாம். விடை கிடைக்காத இடத்தில் விரலை நிறுத்திக்கொள்வது நலம்.