புது போனில் 'Skip' தட்டிவிட்டீர்களா?

எதிர்வீட்டு அக்கா போன வாரம் கண்கலங்கி வந்து நின்றார். வேறு கம்பெனி ஆண்ட்ராய்டு போன் வாங்கியிருக்கிறார். கடையிலேயே சிம்மை மாற்றி, வாட்ஸ்ஆப்பும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் வந்து திறந்தால் ஒரு சாட்கூட இல்லை. போன வருடம் தவறிப்போன அம்மாவின் வாய்ஸ் மெசேஜ்கள் எல்லாம் அதில்தான் இருந்தன.

"பழைய போன் எங்கேக்கா?"

"பையிலதான் இருக்கு. பையனுக்குக் கொடுக்கலாம்னு இன்னைக்கு அழிக்க இருந்தேன்."

நல்லவேளை! புது போனில் நம்பரைச் சரிபார்த்ததும் Restore, Skip என்று கேட்கும். கடையில் அவசரத்தில் Skip தட்டியிருக்கிறார்கள். சாட்கள் பழைய போனைவிட்டு எங்கும் போகவில்லை. ஆனால், இதில் ஓர் ஆபத்து உண்டு. புது போனில் பேக்கப் ஓடினால், கூகுள் கணக்கில் இருக்கும் பழைய பேக்கப்பின் இடத்தில் இந்தக் காலி பேக்கப் உட்கார்ந்துவிடும்.

அதனால் முதலில் புது போனில் Settings, Chats, Chat backup போய் தானியங்கி பேக்கப்பை நிறுத்தினோம். பிறகு பழைய போனை வைஃபையில் இணைத்து, வாட்ஸ்ஆப்பில் அதே நம்பரைக் கொடுத்தோம். சிம்மை மாற்ற வேண்டியதில்லை. புது போனுக்கு வந்த ஓடிபி-யைப் பார்த்து பழையதில் அடித்தால் போதும். சாட்கள் அப்படியே வந்தன. அதே Chat backup பக்கத்தில் வீடியோக்களையும் சேர்த்து Back up கொடுத்தோம். அது முடிந்ததும் புது போனில் வாட்ஸ்ஆப்பை நீக்கி, மறுபடி போட்டு, இந்த முறை Restore தட்டினோம். அம்மாவின் குரல் கேட்டது. புது போனில் இடையில் வந்த சில மெசேஜ்கள் மட்டும் போயின.

இதற்கு நம்பரோடு கூகுள் கணக்கும் இரண்டு போனிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பேக்கப்புக்குப் பாஸ்வேர்டு வைத்திருந்தால், அது இல்லாமல் திறக்கவே முடியாது. இலவச இடம் 15 ஜிபி. ஜிமெயில், போட்டோஸ், வாட்ஸ்ஆப் பேக்கப் மூன்றும் அதற்குள்தான்.

அக்காவுக்குப் பாதி கான்டாக்ட்ஸும் வரவில்லை. அவை கூகுள் கணக்கில் இல்லாமல் பழைய போனிலேயே சேமிக்கப்பட்டிருந்தன. கான்டாக்ட்ஸ் செயலியில் அவற்றைக் கூகுள் கணக்குக்கு மாற்றியதும் வந்துவிட்டன. contacts.google.com திறந்து பார்த்தால் எது ஏறியிருக்கிறது என்று தெரியும்.

போட்டோவில் ஒரு சிக்கல்: கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன் செய்திருந்தாலும், கேமராவில் எடுத்தவைதான் தானாக ஏறும். ஸ்க்ரீன்ஷாட், டவுன்லோடு போன்ற ஃபோல்டர்களைத் தனித்தனியாக ஆன் செய்ய வேண்டும்.

பழைய சாட் ஒன்று, வாய்ஸ் மெசேஜ் ஒன்று, பழைய போட்டோ ஒன்று என்று புது போனில் திறந்து பார்த்துவிட்டு, அப்புறம் பழைய போனை அழியுங்கள்.