பில்டர், பேங்க், நீங்க: மூணு கையெழுத்து இல்லாம ரெண்டாவது தவணை கொடுக்காதீங்க



பழனியில ஒரு ஃப்ளாட் பார்க்கிறீங்க. வேலை கோயம்புத்தூர்லயோ திருப்பூர்லயோ இருக்கலாம். அப்பா அம்மா ஊர்ல இருக்காங்க, தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் வந்து தங்க ஒரு இடம் வேணும், மத்த நாள்ல வாடகைக்கு விடலாம்னு கணக்கு. கட்டடம் இரண்டாவது மாடி வரைக்கும் தான் எழும்பியிருக்கு. பில்டர் "அட்வான்ஸ் போட்டுட்டீங்க, லோன் போட்டு மீதியைக் கொடுங்க"ங்கிறார். பேங்குக்குப் போனா, "வீடே இன்னும் இல்லையே சார், எதை அடமானம் வைப்பீங்க? பில்டரோட டிரைபார்ட்டைட் அக்ரிமென்ட் கொண்டு வாங்க"ன்னு சொல்லி அனுப்பிடறாங்க.

நம்மில் பல பேர் இதை ஒரு ஃபார்மாலிட்டின்னு நினைச்சு, பில்டர் ஆபீஸ்ல நீட்டுற இடத்துல கையெழுத்து போட்டுட்டு வந்துடறோம். என் கருத்து நேர் எதிர். இந்த முத்தரப்பு ஒப்பந்தத்தை நீங்களே எழுத்துப்பூர்வமா கேட்கணும். அது கைக்கு வர்ற வரைக்கும் அட்வான்ஸுக்கு மேல ஒரு பைசா தரக்கூடாது. ஆனா பேங்க் கொடுக்கிற வாசகத்தை அப்படியே ஏத்துக்கவும் கூடாது. ஏன்னு சொல்றேன்.

இந்தக் காகிதம் யாரைக் காப்பாத்துது?

கட்டி முடிச்ச வீட்டுக்கு லோன் கேட்டா, கிரயப் பத்திரத்தை பேங்க்ல ஒப்படைச்சு அடமானம் பதிவு பண்ணிடலாம். கட்டிக்கிட்டு இருக்கிற வீட்டுல, பத்திரம் உங்க பேருக்கு இன்னும் வரல. இடம் பில்டர் பேர்லயோ நில உரிமையாளர் பேர்லயோ இருக்கு. உங்ககிட்ட இருக்கிறது ஒரு விற்பனை ஒப்பந்தம் மட்டும்தான். அதனால பேங்க் பில்டர்கிட்ட சில வாக்குறுதிகளை வாங்குது: இந்த வீட்டை வேற யாருக்கும் விக்க மாட்டேன், கிரயம் ஆனதும் அசல் பத்திரத்தை நேரா பேங்குக்குத் தருவேன், புக்கிங் ரத்தானா பணத்தை முதல்ல பேங்குக்குத் திருப்புவேன்.

கவனிச்சீங்களா? மூணுமே பேங்க்கைக் காப்பாத்துற வாக்குறுதிகள். உங்க பங்கு என்னன்னா, கட்டடம் முடிஞ்சாலும் முடியாட்டாலும் கடனைக் கட்டுவேன்னு ஒத்துக்கிறது. பேரு முத்தரப்பு; பாதுகாப்பு பெரும்பாலும் ஒரு தரப்புக்கு.

டெல்லிப் பக்கம் நொய்டா, குருகிராம் வீடு வாங்கினவங்க இதை ரொம்பக் கஷ்டப்பட்டு கத்துக்கிட்டாங்க. "வீடு கைக்கு வர்ற வரைக்கும் வட்டியை நாங்க கட்டுறோம்"னு பில்டர்கள் சொன்ன சப்வென்ஷன் திட்டத்துல, முத்தரப்பு ஒப்பந்தம் போட்டு, பெரிய தொகையை பேங்குகள் பில்டருக்கே நேரா கொடுத்தாங்க. பில்டர்கள் வட்டி கட்டுறதை நிறுத்தினதும் நோட்டீஸ் வந்தது வாங்கினவங்களுக்கு. வீடும் இல்ல, இஎம்ஐ மட்டும் உண்டு. 2023 மார்ச்சுல டெல்லி உயர் நீதிமன்றம் அவங்க மனுக்களைத் தள்ளுபடி பண்ணுச்சு. அப்பீல் உச்ச நீதிமன்றம் போச்சு. 2025 ஏப்ரல்ல சூப்பர்டெக் உள்ளிட்ட பில்டர்களுக்கும் பேங்குகளுக்கும் இருந்த தொடர்பை விசாரிக்க சிபிஐக்கு உத்தரவு வந்துச்சு. விசாரணை நல்லதுதான். ஆனா அதுவரைக்கும் பல வருஷம் அந்தக் குடும்பங்கள் என்ன பாடுபட்டிருக்கும்னு யோசிங்க.

பழனி கணக்கு

ஒரு உதாரணம் போடுவோம். ஃப்ளாட் விலை 36 லட்சம். உங்க கைப்பணம் 20 சதவீதம், அதாவது 7.2 லட்சம். லோன் 28.8 லட்சம். வட்டி 8.5 சதவீதம், 20 வருஷம்னா முழு இஎம்ஐ கிட்டத்தட்ட 25,000 ரூபாய்.

கைப்பணம் முழுக்க போயாச்சு, பேங்க் 10.8 லட்சம் விடுவிச்சிருக்கு. மொத்தம் 18 லட்சம் பில்டர் கையில. பேங்க் கொடுத்த தொகைக்கு மட்டும் நீங்க கட்டுற ப்ரீ-இஎம்ஐ வட்டி மாசம் 7,650 ரூபாய். இந்த நேரத்துல புக்கிங் ரத்தாகுது. ஒப்பந்தத்துல "ரத்தானா விலையில 10 சதவீதம் பிடித்தம்"னு ஒரு வரி இருக்கு. 3.6 லட்சம் போச்சு. மீதி 14.4 லட்சத்துல முதல் உரிமை பேங்குக்கு, 10.8 லட்சத்தை எடுத்துக்கும். உங்களுக்கு வர்றது 3.6 லட்சம். நீங்க போட்ட 7.2 லட்சத்துல சரிபாதி காணோம், கட்டின வட்டி தனி. இதுல யாரும் சட்டத்தை மீறல. நீங்க கையெழுத்து போட்ட காகிதம் சொன்னபடிதான் நடந்திருக்கு.

அப்போ என்ன கேட்கணும்?

நாலே நாலு வரி.

முதலாவது, பணம் விடுவிக்கிறது. கட்டுமான நிலையைப் பொறுத்துதான் வீட்டுக்கடனை விடுவிக்கணும், முடியாத வீட்டுக்கு முன்கூட்டியே மொத்தமா கொடுக்கக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர்லயே பேங்குகளுக்குச் சொல்லியிருக்கு. ஆனா "பில்டர் கேட்டதும் பேங்க் விடுவிக்கலாம்"னு ஒப்பந்தத்துல ஒரு வாசகம் ஒளிஞ்சிருக்கும். அதை மாத்தி, "பேங்க் இன்ஜினியர் நேர்ல பார்த்த பிறகு, கடன் வாங்குறவர் ஒவ்வொரு தவணைக்கும் எழுத்துல சம்மதம் கொடுத்த பிறகு"ன்னு போடச் சொல்லுங்க. ஸ்லாப் போட்டாச்சான்னு ஒரு ஞாயித்துக்கிழமை பழனி பஸ் ஏறிப் போய் பார்த்துட்டு சம்மதம் கொடுங்க.

இரண்டாவது, பழைய கடன். பில்டர் இதே இடத்தை வச்சு வேற பேங்க்ல ப்ராஜெக்ட் லோன் வாங்கியிருக்கலாம். அது தப்பில்ல, மறைக்கிறதுதான் தப்பு. கடன் இருந்தா, "இந்த ஃப்ளாட் மேல எங்களுக்கு உரிமை இல்ல"ன்னு அந்த பேங்க் ஃப்ளாட் நம்பரோட ஒரு கடிதம் தரணும். நீங்களும் `tnreginet.gov.in`ல சர்வே நம்பருக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்க. பழனியில இன்னொரு விஷயம்: கோயில் நிலம் நிறைய இருக்கிற ஊர். பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவுப்படி அறநிலையத்துறை ஆட்சேபிக்கிற சர்வே நம்பர்னா சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிவு பண்ண மாட்டார். லோன் அப்ளை பண்றதுக்கு முன்னாடியே சார்பதிவாளர் அலுவலகத்துல இதைக் கேட்டுடுங்க. கடைசியில கிரயமே நடக்காதுன்னா இந்த ஒப்பந்தத்துக்கு அர்த்தமே இல்ல.

மூணாவது, ரத்து. "பில்டர் பக்கம் தாமதம்னா பிடித்தம் கிடையாது, பேங்க் பாக்கியும் நான் கட்டின கைப்பணமும் முழுசா, வட்டியோட, இத்தனை நாளுக்குள்ள திரும்பணும்"னு வரணும். ரெரா சட்டம் 18-வது பிரிவு, சொன்ன தேதியில வீடு தரலன்னா வட்டியோட பணத்தைத் திரும்பக் கேட்கிற உரிமையை உங்களுக்குக் கொடுக்குது. நீங்க கேட்கிறது சலுகை இல்ல.

நாலாவது, பத்திரம். கிரயம் ஆன நாள்ல அசல் நேரா பேங்குக்குப் போகும். சரி. ஆனா என்னென்ன பத்திரம் போச்சுன்னு பட்டியல் போட்ட ரசீதும், ஒரு செட் நகலும் உங்க கைக்கு வரணும்.

"சின்ன ப்ராஜெக்ட் சார், இதெல்லாம் வேண்டாம்"

பழனி மாதிரி ஊர்ல இதைத்தான் அதிகம் கேட்பீங்க. நிலம் 500 சதுர மீட்டருக்குள்ள, அதாவது சுமார் 12 சென்ட்டுக்குள்ள, வீடும் எட்டுக்குள்ள இருந்தா ரெரா பதிவு கட்டாயமில்ல. நாலு சென்ட்ல ஆறு வீடு கட்டுற பில்டர் இந்த வரம்புக்குள்ளதான் வருவார். ரெரா பதிவான ப்ராஜெக்ட்ல, பதிவு பண்ணின விற்பனை ஒப்பந்தம் இல்லாம விலையில 10 சதவீதத்துக்கு மேல அட்வான்ஸ் வாங்கக்கூடாது, வாங்கின பணத்துல 70 சதவீதம் தனிக் கணக்குல இருக்கணும்னு காவல் உண்டு. சின்ன ப்ராஜெக்ட்ல அந்தக் காவலை நம்பி உட்கார முடியாது. அதனால அங்கதான் இந்த ஒப்பந்தம் இன்னும் அவசியம். உங்களுக்கு இருக்கிற எழுத்து அது ஒண்ணுதான்.

பதிவு உண்டான்னு தெரிஞ்சுக்க `rera.tn.gov.in`ல ப்ராஜெக்ட் பேரைத் தேடுங்க.

கடிதம் இப்படி எழுதுங்க

பில்டருக்கும் கிளை மேலாளருக்கும் ஒரே கடிதம், ரெண்டு பேர் பேரும் மேல இருக்கணும். அப்போதான் "பேங்க் தரல", "பில்டர் தரல"ன்னு பந்து ஆட முடியாது.

"ஐயா, பழனி ... சர்வே எண்ணில் கட்டப்பட்டு வரும் ... எண் குடியிருப்புக்கு வீட்டுக்கடன் கோரியுள்ளேன். கடன் அனுமதிக்காக முத்தரப்பு ஒப்பந்தத்தின் வரைவை எனக்கும் வங்கிக்கும் அனுப்ப வேண்டுகிறேன். அதில் கட்டுமான நிலைவாரியாக என் எழுத்துச் சம்மதத்துடன் தொகை விடுவித்தல், இடத்தின் மீதுள்ள கடன் விவரம் மற்றும் தடையின்மைக் கடிதம், கட்டுமானத் தாமதத்தால் ரத்தானால் முழுத் தொகையும் வட்டியுடன் திரும்புதல், ஆவண ஒப்படைப்பு ரசீது ஆகிய நான்கும் இடம்பெற வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை அடுத்த தவணையைச் செலுத்த இயலாது."

தேதி போட்டு, கிளையில நகல்ல சீல் வாங்கிக்குங்க. பில்டருக்கு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க.

பேங்க் "இது ஹெட் ஆபீஸ் ஃபார்மேட், ஒரு வார்த்தை மாத்த முடியாது"ன்னு சொல்ல வாய்ப்பு அதிகம். உண்மையாவும் இருக்கலாம். அப்போ ஃபார்மேட்டைத் தொடாதீங்க. அந்த நாலு வரியை பில்டரோட போடுற விற்பனை ஒப்பந்தத்துல சேருங்க. தவணைச் சம்மதத்தை மட்டும் பேங்குக்கு இமெயில்ல எழுதி, ஒப்புதல் பதில் வாங்குங்க. முழுசா கிடைக்கலன்னாலும் பாதிப் பாதுகாப்பு கிடைக்கும்.

பில்டர் பழைய கடன் விவரத்தைக் காட்ட மறுத்தா? அங்க நான் பேரம் பேச மாட்டேன், அட்வான்ஸைத் திரும்பக் கேட்பேன். பேங்க்கோட வக்கீல் பார்க்கத்தான் போறார், அவர்கிட்ட காட்டப் போறதை உங்ககிட்ட காட்ட என்ன தயக்கம்?

இவ்வளவு பண்ணியும் கட்டடம் நிக்கலாம். முத்தரப்பு ஒப்பந்தம் செங்கல் எடுத்து வைக்காது. ஆனா அன்னிக்கு 3.6 லட்சம் வருதா, 7.2 லட்சம் வருதாங்கிறதை இன்னிக்கு நீங்க கையெழுத்து போடுற அந்தப் பக்கம்தான் முடிவு பண்ணும். அதை வீட்டுக்கு எடுத்துட்டு வந்து, ரெண்டு நாள் படிச்சுட்டு போடுங்க.