கார் கண்ணாடிக்குள் ஒரு ஆளைச் சேர்க்கணுமா? முதல்ல Opacity-யைத் தொடாதீங்க!

கல்யாண கார் போட்டோ. பின் சீட் காலி. துபாயிலிருந்து வர முடியாமல் போன அண்ணனை அங்கே உட்காரவைத்துத் தரச் சொல்கிறது குடும்பம். எடிட்டர் அவர் படத்தை கட் பண்ணி ஜன்னலில் வைத்து, Opacity-யை 50-க்கு இறக்குகிறார். அவ்வளவுதான், அண்ணன் முகத்துக்குள் சீட் கவர் தெரிகிறது. நல்லா இருக்கிற மனுஷன் ஆவி மாதிரி ஆகிவிடுகிறார்!

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தாலும் ஆள் ஆள்தான்; அவரை ஊடுருவிப் பார்க்க முடியாது. கண்ணாடி செய்வது இரண்டு வேலை. உள்ளிருந்து வரும் ஒளியைக் குறைக்கிறது, வெளிக்காட்சியை அதன்மேல் பூசுகிறது. இரண்டையும் ஒரே ஸ்லைடரில் முடிக்கப் பார்ப்பதுதான் தப்பு.

முதலில் டின்ட். இந்திய விதிப்படி பக்கவாட்டுக் கண்ணாடி குறைந்தது 50% ஒளியை விட வேண்டும். அப்போ பாதியாகக் குறைத்தால் போதுமா? போதாது. அந்த ஜன்னல் வழியாக உள்ளே போன வெளிச்சம்தான் அண்ணன் முகத்தில் பட்டு, அதே ஜன்னல் வழியாகத் திரும்பி வருகிறது. இரண்டு தடவை பாதியானால் மிஞ்சுவது கால்வாசி. வழக்கமான sRGB படத்தில் அதற்கு சுமார் 137 அளவு சாம்பல் நிறத்தை, லேசாகப் பச்சை கலந்து, Multiply-ல் வைக்கலாம். முன் கண்ணாடி வழியாகவும் வெளிச்சம் வந்தால் இன்னும் கொஞ்சம் பளிச்சென்று விடலாம்.

அடுத்தது பிரதிபலிப்பு. இதைப் புதிதாக உருவாக்கவே வேண்டாம். காலி சீட் இருட்டாக இருந்ததால், ஒரிஜினல் ஜன்னலில் தெரிந்த மரமும் வானமும் பெரும்பாலும் பிரதிபலிப்புதான். அந்தப் பகுதியை காப்பி செய்து, அண்ணனுக்கு மேல் லேயராக Screen-ல் வைத்தால் போதும். கறுப்பு மறைந்துவிடும், மரம் மட்டும் அவர் மேல் விழும். சீட் தெரிகிற இடங்களை மட்டும் கறுப்பாக்கிவிட வேண்டும். விட்டால் பழைய ஆவி திரும்பி வரும்.

கதவின் நடுத்தூண், முன் சீட்டின் ஹெட்ரெஸ்ட் எல்லாம் அவருக்கு முன்னால் வர வேண்டும். ஜன்னல் பாதி இறங்கியிருந்தால் கண்ணாடி விளிம்புதான் எல்லை. அதற்கு மேலே முகம் பளிச், கீழே மங்கல். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

"காருக்குள் இருந்தது யார் தெரியுமா?" என்று வாட்ஸ்அப்பில் வரும் படங்களையும் இப்படியே பார்க்கலாம். ஜூம் செய்து தலைமுடியைப் பாருங்கள். பிரதிபலிப்பு இருட்டான இடத்தில்தான் நன்றாகத் தெரியும். வெள்ளைச் சட்டையில் கிட்டத்தட்ட காணாமல் போகும். பக்கத்துக் கண்ணாடியில் ஓடும் மரக்கிளை முடிக்கு வந்ததும் சட்டென்று நின்றுபோனால் சந்தேகப்படலாம். ஆனால் ஜன்னல் முழுக்கவே பிரதிபலிப்பு இல்லையென்றால் உடனே 'ஃபேக்' என்று பார்வர்டு பண்ணிவிட வேண்டாம். லென்ஸில் போலரைசர் ஃபில்டர் இருந்தாலும் அது பெருமளவு மறைந்துவிடும்.