வரிப் பங்கு கேட்கும் பையர்கள்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு
செப்டம்பர் 2025, திருப்பூர்

ஏப்ரலில் இருந்து நடந்ததெல்லாம் உறுப்பினர்களுக்குத் தெரியும். ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்கின்மீது போடும் கூடுதல் வரி 50 சதவீதம். பருத்தி டி-சர்ட்டுக்கு வழக்கமான 16.5 சதவீதமும் சேர்த்தால் 66.5. இப்போது பையர்களிடமிருந்து வரும் கடிதங்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதற்காகவே செயற்குழு இரண்டு முறை கூடியது.

அந்தக் கடிதங்களில் இருப்பது ஒரே வாசகம்: "கூடிய வரியில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு நியாயமாக இல்லை.

ஓர் உறுப்பினர் கொண்டுவந்த காஸ்டிங் ஷீட்டையே எடுத்துக்கொள்வோம். ஜூனில் பிடித்த ஆர்டர், 10,000 டி-சர்ட். எஃப்.ஓ.பி. விலை 3 டாலர். அன்றைய 86 ரூபாய் வீதத்தில் 258 ரூபாய். துணி 128, தையல் 52, லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி 18, தூத்துக்குடி லாரி வாடகையும் க்ளியரிங்கும் 9, வட்டி, ரிஜெக்ஷன், நிர்வாகம் 36. மொத்தம் 243. அரசின் ஊக்கத்தொகையையும் முன்கூட்டியே கழித்துத்தான் இந்தக் கணக்கு. மிச்சம் பீஸுக்கு 15 ரூபாய்.

ஜூனில் வரி 26.5 சதவீதம், அதாவது 79.5 சென்ட். பையருக்கு அடக்கம், கப்பல் வாடகை நீங்கலாக, 3.79 டாலர். இப்போது வரி ஏறக்குறைய 2 டாலர். கூடியது 1.20, பாதி 60 சென்ட், விலையில் குறையுங்கள் என்கிறார். குறைத்தால் நம் விலை 2.40. அமெரிக்கச் சுங்கம் வரி போடுவது எஃப்.ஓ.பி. மதிப்பின்மீது. விலை குறைந்தால் அவருடைய வரியும் 1.60-க்கு இறங்கிவிடும். அவருக்கு அடக்கம் 4 டாலர். ஆக, நாம் விட்டது 60 சென்ட், அவர் கூடுதலாகக் கொடுப்பது 20 சென்ட். இதற்குப் பெயர் பாதியா? நான்கில் மூன்று பங்கை நம் தலையில் கட்டிவிட்டுப் பாதி என்று எழுதுகிறார்கள். உண்மையான பாதி சுமார் 45 சென்ட்தான்.

ரூபாய் 88-க்கு வந்துவிட்டதே, அது உங்களுக்கு லாபம்தானே என்பது அடுத்த வாதம். 2.40 டாலர், 88 வீதத்தில் 211 ரூபாய். அடக்கம் 243. பீஸுக்கு 32 ரூபாய் கைநட்டம். ஆர்டர் முழுக்க 3 லட்சத்து 20 ஆயிரம். ஜூனிலேயே ஃபார்வர்ட் போட்டவருக்கு அந்த 88-ம் கிடையாது. 45 சென்ட் குறைத்தாலும் நட்டம்தான். இந்த ஷீட்டில் 24 சென்ட்டுக்கு மேல், அதாவது 8 சதவீதத்துக்கு மேல், குறைக்க இடமே இல்லை. அந்த எட்டில் நம் லாபம் முழுதும் போய்விடும்.

எனவே, முடித்த ஆர்டருக்கு விலைக் குறைப்பு இல்லை என்பதே சங்கத்தின் நிலைப்பாடு. நீண்டகாலப் பையரை இழக்க முடியாத நிலையில் உள்ளவர்கள், சூழலைப் பொறுத்து, ரூபாய் வீதத்தால் கையில் வந்த அளவுக்கு மட்டும் விட்டுக்கொடுப்பதைப் பரிசீலிக்கலாம். செயற்குழுவில் இதற்கும் எதிர்ப்பு இருந்தது. பெரும்பான்மையினர் ஏற்றதால் சேர்த்திருக்கிறோம்.

டி.டி.பி. விலையில் மட்டும் இரண்டு கருத்து இல்லை. யாரும் கொடுக்கக் கூடாது. டி.டி.பி. என்றால் அங்கே வரி கட்டுவதும் நாமே. வரி வீதத்தை முடிவு செய்வது ஆர்டர் தேதி அல்ல. ஆகஸ்ட் 27-க்கு முன் கப்பல் ஏறி, செப்டம்பர் 17-க்கு முன் அங்கே சுங்கத்தில் பதிவான சரக்குக்குத்தான் அந்த 50-இல் புதிதாகச் சேர்ந்த 25 சதவீதத்திலிருந்து விலக்கு. நம் பெட்டி தூத்துக்குடியில் ஏறி, கொழும்பில் தாய்க்கப்பலுக்குக் காத்துக் கிடக்கிறது. அந்தத் தேதிகள் நம் கையில் இல்லை. மேலே சொன்ன ஆர்டர் டி.டி.பி.யாக இருந்திருந்தால், பீஸுக்கு 15 ரூபாய் பார்த்தவர் 105 ரூபாய் கூடுதல் வரி கட்டியிருப்பார்.

கப்பல் வாடகையை எஃப்.ஓ.பி.யில் மறைத்துச் சேர்க்கச் சொன்னால் மறுக்கவும். அதற்கும் வரி விழும்.

பையருக்கு விட்டதைப் பவர் டேபிள்காரரிடமும் செக்கிங் பெண்களிடமும் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. அந்த 52 ரூபாயில் கை வைப்பதைச் சங்கம் ஒருபோதும் ஆதரிக்காது. வரி போட்டது வாஷிங்டன். அதைச் சிங்கர் டெய்லரின் வாரக் கூலியில் கழிப்பது அநியாயம்.

டி.டி.பி.யில் ஏற்கெனவே கையெழுத்திட்டவர்கள் ஒப்பந்தம், இன்வாய்ஸ், கப்பல் ரசீது மூன்றின் நகலையும் அலுவலகத்தில் கொடுக்கவும். விலைக் குறைப்புக் கடிதம் வந்தவர்கள் பதில் எழுதுமுன் காஸ்டிங் ஷீட்டுடன் செயலாளரைப் பார்க்கவும்.