புள்ளி மறைந்தால் பெயர் மாறும்

நிகழ்ச்சிக்குப் பிறகு நேயர் ஒருவர் அழைத்தார். கோயில் திருப்பணிக்கு நன்கொடை தந்தவர்களின் பெயர்ப் பட்டியலை பவர்பாயிண்டில் தயாரித்திருக்கிறார். ஒரு ஸ்லைடில் 40 பெயர்கள், எழுத்தளவு 12. மடிக்கணினியில் பளிச்சென்று தெரிந்தது, காணொளியாக்கி மண்டபத்துத் தொலைக்காட்சியில் போட்டால் ஒரே மங்கல். “பணம் கொடுத்தவர் தம் பெயரைத் தேடுவாரே தம்பி” என்றார். நியாயமான கவலைதான்.

ஸ்லைடில் இருக்கும்வரை எழுத்து ஒரு வடிவம். எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் கூர்மையாகவே இருக்கும். காணொளியான பிறகு அது வெறும் புள்ளிக்கட்டங்கள். ஏற்றுமதியின்போது கிடைத்த கட்டங்களுக்கு மேல் ஒன்றுகூடப் பிறகு கூடாது.

கணக்கு எளிது. அகலத்திரை ஸ்லைடின் உயரம் ஏழரை அங்குலம், எழுத்தளவுக் கணக்கில் 540. காணொளியின் உயரம் 480 கட்டங்கள் என்றால், 12 அளவு எழுத்துக்குக் கிடைப்பது பதினொன்றுகூட இல்லை. அதற்குள் கொம்பும் கொக்கியும் மெய்யெழுத்தின் புள்ளியும் அடங்க வேண்டும். புள்ளி கரையும், ‘ண’வும் ‘ன’வும் ஒன்றுபோலாகும். 720இல் 16 கட்டங்கள், 1080இல் 24, 4K-யில் 48.

அந்த நேயர் தேர்ந்தெடுத்திருந்தது 480. File, Export, Create a Video என்று போனால் தர அளவுகளின் பட்டியல் வரும். அதில் Full HD என்பதே 1080. பெரும்பாலான மண்டபங்களுக்கு அது போதும். தொலைக்காட்சியும் 4K ஆக இருந்தால் மட்டும் Ultra HD எடுங்கள். கோப்பு பெரிதாகும், ஏற்றுமதிக்கும் நேரமாகும், பழைய தொலைக்காட்சி சில வேளை அதை ஓட்டாது.

பட்டியலைத் தட்டச்சு செய்யாமல் படமாக ஒட்டியிருந்தால் இந்த வழி உதவாது. படத்திலேயே இல்லாத கூர்மையை 4K கொண்டுவராது. பெயர்களை எழுத்தாகவே தட்டச்சு செய்யுங்கள்.

காணொளியை அனுப்பும் வழியும் முக்கியம். வாட்ஸ்அப்பில் சாதாரணக் காணொளியாக அனுப்பினால் அது சுருக்கப்படும். ஆவணமாக அனுப்புங்கள், அல்லது யுஎஸ்பியில் கொண்டுபோங்கள். மண்டபத்துக் கணினியில் கோப்பை வலச்சொடுக்கி Properties, Details பக்கத்தில் Frame height பாருங்கள். 1080 இருக்க வேண்டும். குறைந்திருந்தால் வழியில் யாரோ சுருக்கியிருக்கிறார்கள்.

எண் சரியாக இருந்தாலும் முழுத்திரையில் ஓட்டி, மிகச் சிறிய பெயரில் நிறுத்தி, கடைசி வரிசையில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். எழுத்து கூர்மையாக இருந்தும் படிக்க முடியவில்லையா? அது தர அளவின் குறை இல்லை, எழுத்து சிறிது. ஸ்லைடுக்கு 20 பெயராகப் பிரித்து, எழுத்தளவை 20க்கு ஏற்றுங்கள். நேயரிடம் இதையும் சொன்னேன். ஸ்லைடுகள் இரண்டு மடங்காகும் என்று தயங்கினார். ஆகட்டுமே ஐயா, கொடுத்தவர் பெயர் படிக்கும்படி இருக்க வேண்டாமா?