கைக்கு வராத பணத்துக்கும் வட்டி

கடந்த மாதம் எமது நண்பர் ஒருவர் தமது கைத்தொலைபேசியை எம்மிடம் நீட்டி, "இதைப் பாருங்கோ சேர், பெடியன் எனக்குப் பொய் சொல்லுறான்" என்றார். பெடியன் என அவர் குறிப்பிட்டது திருச்சியில் மணமுடித்து அங்கேயே தங்கிவிட்ட தமது தமக்கையின் மகனை. தங்கையின் கல்லூரிக் கட்டணம் ஐம்பதாயிரம் ரூபா. அதனைக் கட்டுவதற்காக அந்த இளைஞன் கைத்தொலைபேசிச் செயலி ஒன்றின் மூலம் உடனடிக் கடன் எடுத்திருக்கிறான். "உங்களுக்கு ரூ. 50,000 கடன் அனுமதிக்கப்பட்டுள்ளது" என்று பச்சை நிறத்தில் ஒளிரும் திரையைப் படம்பிடித்து மாமனுக்கு அனுப்பியவன், மறுநாளே "மாமா, 46,150 தான் வந்தது. மீதி 3,850 அனுப்ப முடியுமா?" என்று கேட்டிருக்கிறான். ஐம்பதாயிரம் என்ற படத்தைக் கண்ணால் கண்ட மாமன், மருமகன் நாலாயிரம் ரூபாவை வேறெங்கோ செலவழித்துவிட்டுக் கதை சொல்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்.

பெடியன் பொய் சொல்லவில்லை. அவன் பெற்ற கடனின் ஆவணங்களை வரவழைத்து நாம் வரிவரியாகப் படித்தோம். ஊரிலும் தமிழகத்திலும் உள்ள உறவுகளின் பணத்தேவைகளைத் தொலைவிலிருந்து தாங்கிவரும் எம்மவர் பலர் இதே குழப்பத்துக்கு ஆளாகக்கூடும் என்பதால், கணக்கை இங்கே விரித்து வைக்கிறோம்.

கடன் கொடுத்தது இந்திய ரிசர்வ் வங்கியில் பதிவுபெற்ற, வங்கியல்லாத நிதி நிறுவனம் ஒன்று. வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம், தவணை பன்னிரண்டு மாதம், மாதத் தவணை 4,728 ரூபா. இவ்வளவும் முதல் திரையில் தெரிந்தவை. பரிசீலனைக் கட்டணம் கடன் தொகையில் 4 சதவீதம், அதாவது 2,000 ரூபா. அதன்மேல் 18 சதவீத சரக்கு சேவை வரி 360 ரூபா. இவை போதாவென்று, கடன்பெறுபவர் இறந்தால் மீதிக் கடனை அடைக்கும் காப்புறுதி ஒன்றுக்கு 1,490 ரூபா. மூன்றையும் கூட்டினால் 3,850. இந்தத் தொகையைக் கழித்துக்கொண்டுதான் பணத்தை வங்கிக் கணக்கில் இட்டிருக்கிறார்கள். ஆனால் கடன் ஏட்டில் நிற்பது 50,000. மாதத் தவணை கணக்கிடப்பட்டதும் அந்த 50,000 ரூபாவுக்கே. தன் கைக்கு வராத 3,850 ரூபாவுக்கும் அந்த இளைஞன் ஓராண்டு வட்டி கட்டுகிறான்.

இந்தக் கழிவு 24 சதவீதக் கடனை எவ்வாறு மாற்றிவிடுகிறது என்பதைப் பலர் அறியார். பன்னிரண்டு தவணைகளிலும் அவன் கட்டப்போவது 56,736 ரூபா. கையில் வாங்கியது 46,150. ஆகவே கடனின் உண்மையான செலவு 10,586 ரூபா. ஐம்பதாயிரத்துக்குப் பத்தாயிரம் என்றால் இருபது சதவீதம்தானே என்று ஒருவர் எண்ணலாம். அங்கேதான் கணக்குத் தவறுகிறது. மாதந்தோறும் தவணை கட்டக் கட்ட அவன் கையிலுள்ள அடுத்தவர் பணம் குறைந்துகொண்டே போகிறது. ஆண்டு முழுவதற்கும் சராசரி பார்த்தால் அவன் பயன்படுத்தியது ஏறக்குறைய 26,500 ரூபாவே. அந்த 26,500 ரூபாவை ஓராண்டு வைத்திருந்ததற்கு 10,586 ரூபா கூலி. அதாவது 40 சதவீதம். தவணைக் காலம் குறுகக் குறுக நிலைமை மேலும் மோசமாகும். இதே கடனை இதே கழிவுகளோடு மூன்று மாதத்தில் அடைப்பதாக இருந்தால் வீதம் 75 சதவீதத்தை நெருங்கிவிடும். முன்கூட்டிக் கழிக்கும் தொகை அதேதான். அதனைச் சுமக்கும் காலம்தான் சுருங்குகிறது.

இந்த உண்மை வீதத்துக்கு ஒரு பெயர் உண்டு. ஐரோப்பாவில் வாழும் வாசகர்கள், தம் வங்கிகள் அனுப்பும் கடன் விளம்பரங்களின் கீழே, வட்டி வீதத்துக்குப் பக்கத்தில் அதனினும் சற்று உயர்ந்த இன்னொரு வீதம் அச்சிடப்பட்டிருப்பதைக் கண்டிருப்பர். இந்தியாவிலும் அவ்வாறு காட்டவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. செயலி வழிக் கடன்களுக்கு 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகள் அதனைக் கட்டாயமாக்கின. 2024 ஏப்ரல் 15ஆம் நாளைய சுற்றறிக்கை, அதே ஆண்டு அக்டோபர் 1ஆம் நாளிலிருந்து தனிநபர் தவணைக் கடன்கள் அனைத்துக்கும் ஒரே மாதிரியான "முக்கிய விபர அறிக்கை" ஒன்றை வழங்கவேண்டும் என்றது. காப்புறுதிக் கட்டணம் மூன்றாம் தரப்புக்குப் போவதாயினும் அதனையும் சேர்த்தே ஆண்டு வீதத்தைக் கணிக்கவேண்டும் என்பது அதிலுள்ள நல்ல அம்சம். சுற்றறிக்கையோடு இணைத்த மாதிரிக் கணக்கிலேயே 20,000 ரூபாக் கடனில் 400 ரூபா கழிக்கப்பட்டு 19,600 கைக்கு வருகிறது. 15 சதவீத வட்டி 17.07 ஆக உயர்கிறது. கழித்துக்கொண்டு கொடுப்பதை ரிசர்வ் வங்கி தடுக்கவில்லை என்பதும் இந்த உதாரணத்திலிருந்தே விளங்கும். மறைத்துக் கழிப்பதையே அது தடுத்திருக்கிறது.

எமது நண்பரின் மருமகனுக்கும் அந்த அறிக்கை வந்துதான் இருந்தது. அதன் நடுப்பகுதியில் APR என்ற வரிக்கு எதிரே 39.95 என்றும், கணக்கு விரித்துக் காட்டிய பக்கத்தில் Net disbursed amount என்ற வரிக்கு எதிரே 46,150 என்றும் இருந்தன. எதுவும் மறைக்கப்படவில்லை. ஆனால் ஐம்பதாயிரம் என்ற எண் பெருவிரல் அளவில் திரையை நிறைத்து நின்றது. 46,150 என்ற எண்ணோ ஓர் இணைப்பைத் தொட்டுத் திறந்து, பக்கங்களை நகர்த்தி, எறும்பளவு எழுத்தில் தேடவேண்டியதாய் இருந்தது. இந்த அறிக்கை கையில் கிடைத்தபின், ஏழு நாளோ அதற்கு மேலோ தவணையுள்ள கடனாயின், மூன்று வேலைநாள்களேனும் அதே நிபந்தனைகள் செல்லுபடியாக வேண்டும் என்றும் விதி உண்டு. செயலி அதைச் சொல்லவில்லை. "இச்சலுகை இன்னும் சில நிமிடங்களுக்கே" என்று கடிகாரத்தை ஓடவிட்டது. கல்லூரிக் கட்டணத்துக்கு மறுநாள் இறுதிநாள் என்றிருந்த பையன் என்ன செய்வான்? அமத்திவிட்டான்.

தமிழகத்துச் சந்தைகளில் தண்டல் என்றொரு கடன் நெடுங்காலமாக உண்டு. பத்தாயிரம் என்று பேசி, எண்ணாயிரத்து ஐந்நூறைக் கையில் வைத்து, நாளுக்கு நூறு ரூபா வீதம் நூறு நாள் வசூலிப்பார்கள். கொடுமையான வட்டிதான்; நாம் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. எனினும் பூக்காரப் பெண்ணின் கையில் எண்ணி வைக்கப்பட்டது எண்ணாயிரத்து ஐந்நூறு என்பதை அவள் அந்தக் கணமே அறிவாள். வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கவும் முடியும். செயலியின் கடனில் எவ்வளவு கைக்கு வரும் என்பது பணம் வந்து விழுந்த பிறகே பலருக்குத் தெரிகிறது. பழைய வழக்கத்திலிருந்த அந்த ஒரே நேர்மையும் புதிய வழக்கத்தில் இல்லாமற் போய்விட்டது.

காப்புறுதியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பரிசீலனைக் கட்டணத்துக்காவது ஒரு வேலை நடந்தது என்று வாதிடலாம். இருபத்துநான்கு வயதுப் பிரமச்சாரி ஒருவன் ஓராண்டுக் கடனுக்காக எடுத்த காப்புறுதியில் முதற் பயன் யாருக்கு? கடன் கொடுத்தவருக்கே. அதற்கான பணத்தையும் கடன் பெற்றவனே கட்டி, அதற்கு வட்டியும் கட்டுகிறான். "நான் கேட்கவே இல்லை" என்று அவன் எழுதியதற்கு, ஒப்புதல் பெட்டியில் அடையாளம் இருந்தது, இரகசிய எண்ணும் இட்டீர்கள் என்று பதில் வந்திருக்கிறது. அந்த அடையாளத்தை இட்டது அவனா, முன்கூட்டியே இடப்பட்டிருந்ததா என்பதுதான் கேள்வி. வாங்குபவர் கேளாத பொருளை இறுதிக் கணத்தில் கூடைக்குள் நுழைப்பதை, இந்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகளில் பெயர் சொல்லியே தடைசெய்திருக்கிறது. அந்த நெறிமுறையைச் சுட்டி அவன் மீண்டும் நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறான். முப்பது நாளில் பதிலில்லையேல், அல்லது பதில் திருப்தியளிக்காவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர் அதிகாரியிடம் cms.rbi.org.in என்ற தளத்தில் கட்டணமின்றி முறையிடலாம்.

உடனே கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் என்ன என்று எமது நண்பர் கேட்டார். அதற்கும் வழி உண்டு. கடன் பெற்றவர் மனம் மாறினால் தண்டமின்றி வெளியேறுவதற்கு ஒரு கால அவகாசம் தரப்படவேண்டும். 2025 மே மாதத்து விதிகளின்படி அது ஒரு நாளுக்குக் குறையலாகாது. ஆனால் அசலையும் அந்நாள்களுக்குரிய செலவையும் செலுத்தவேண்டும். அறிக்கையில் முன்பே குறிப்பிட்டிருந்தால் பரிசீலனைக் கட்டணத்தை நிறுவனம் வைத்துக்கொள்ளலாம். செயலி கேட்ட தொகை 50,000 ரூபாவும் இரண்டு நாள் வட்டியும். கையில் 46,150 மட்டும் வைத்திருப்பவன் வெளியேறுவதற்கும் மிகுதியைக் கடன் வாங்கவேண்டும். கதவு திறந்துதான் இருக்கிறது, வாசற்படிதான் உயரம்.

ஆகவே உறவினர் எவராவது இத்தகைய கடனைப் பற்றிச் சொன்னால், அனுமதித் திரையின் படத்தைக் கேட்காதீர்கள்; முக்கிய விபர அறிக்கையைக் கேளுங்கள். கணக்கில் வந்த தொகையும் அறிக்கையிலுள்ள நிகரத் தொகையும் ஒன்றாயின், கடன் விலை உயர்ந்தது, ஆனால் விதிக்குட்பட்டது. அறிக்கையிற் காணாத ஏதேனும் கழிக்கப்பட்டிருந்தால் அது விதிமீறல், சதக்கணக்கானாலும் முறையிடவேண்டும். பணம் தருவதற்கு முன்பே "கட்டணத்தை அனுப்புங்கள்" என்று எவராவது கேட்டால் அது கடனே அல்ல, திருட்டு. தேவை சரியாக ஐம்பதாயிரம் என்றால், இந்தக் கழிவுகளோடு 54,000 ரூபாவுக்குச் சற்று மேல் விண்ணப்பித்தால்தான் அது கைக்கு வரும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிடவேண்டும்.

ரிசர்வ் வங்கியிடம் நாம் எதிர்பார்ப்பது அதிகமன்று. அனுமதித் தொகை எந்த அளவு எழுத்தில் காட்டப்படுகிறதோ, அதே அளவு எழுத்தில், அதே திரையில், கைக்கு வரும் தொகையும் காட்டப்படவேண்டும். காப்புறுதி தனித் திரையில், அடையாளமிடாத பெட்டியோடு கேட்கப்படவேண்டும். விரும்புபவர் அதற்குத் தனியாகப் பணம் கட்டட்டும், கடனிலிருந்து எடுக்கலாகாது. எமது நண்பர் தம் மருமகனைச் சந்தேகித்ததற்குக் காரணம் அவன் நடத்தையன்று, எழுத்தின் அளவு.

நண்பர் அன்றிரவே 3,850 ரூபாவை அனுப்பிவிட்டார். கல்லூரிக் கட்டணம் உரிய நாளில் கட்டப்பட்டது. காப்புறுதிப் பணம் பற்றிய முறைப்பாட்டுக்கு இதை எழுதும்வரை பதில் வரவில்லை.