புள்ளியைத் தின்னும் கத்தரி

"தேர்வு முடிவுகள் வெளியீடு" என்ற தலைப்பை 45 பைட்டில் வெட்டினால் என்ன ஆகும்? யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். 'ள்' என்பது ள, புள்ளி என இரண்டு குறிகள். 'ள' வரை 43 பைட் ஆகிவிடும். மிச்சம் இரண்டில் புள்ளி அடங்காது, அதனால் "தேர்வு முடிவுகள�" என்று நிற்கும்.

இது பரவாயில்லை, பார்த்ததும் தெரிந்துவிடும். பைட்டை விட்டுக் குறிகளை எண்ணி 15-இல் வெட்டினால் வருவது "தேர்வு முடிவுகள". சிதைவே தெரியாது, ஆனால் புள்ளி போய்விட்டது. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய ஆபத்து.

முழு எழுத்தாக வெட்ட பிஎச்பியில் `grapheme_substr` இருக்கிறதே என்பீர்கள். அது 'க்ஷ'வை க், ஷ என்று இரண்டாக எண்ணும். "பக்ஷி" அங்கே வெட்டுப்பட்டால் "பக்" மட்டும் மிஞ்சும். எழுத்து உடையவில்லை, சொல் உடைந்துவிட்டது!

ஆகவே என் கட்சி இதுதான்: முதலில் '…' குறிக்கு 3 பைட் ஒதுக்குங்கள். மீதி 42-க்குள் கடைசியாக வரும் இடைவெளிக்குப் பின்வாங்கி அங்கே வெட்டுங்கள். நம் தலைப்பு "தேர்வு…" ஆகும். இடைவெளியே இல்லாத நீளச் சொல்லுக்கு மட்டும் முழு எழுத்தில் வெட்டலாம். தலைப்பு குட்டையானால் என்ன, தப்பாக இல்லையே!